நான்கால் வகுத்த கணக்கு

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது, மின்கட்டண ரசீதில் இருக்கிறது. மற்றபடி அந்தத் தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எல்லோருக்கும் அவள் கஞ்சியக்கா. அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த மேசைத் துணியை நிமிர்த்தி வைத்தால் நிற்கும் என்று ஒரு ஓட்டல்காரர் சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. ஆளும் அப்படித்தான். வளைந்து நின்று யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் சத்தமாகச் சிரிப்பாள், கோபம் வந்தால் வாசலில் நிற்கிற வண்டிக்காரனுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

இருபது வயதில் இன்னொருவர் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்தவள். கல்யாணமான மறுவருஷம் அந்தக் கடைக்காரர் கடையை மூட, பழைய மெஷின் ஒன்றைத் தவணை சொல்லி வாங்கி வாடகை ஷெட்டில் வைத்தாள். இப்போது சொந்தக் கட்டடம். பெரிய துவைக்கிற மெஷின் மூன்று, தண்ணீர் பிழிகிற மெஷின் ஒன்று, படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தகடுபோல வெளியே தள்ளுகிற ரோலர் ஒன்று, பின்னால் பாய்லர். மூன்று ஆஸ்பத்திரி, ஐந்து ஓட்டல். ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். புருஷன் வேனை ஓட்டுகிறார். அழுக்கை எடுத்து வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அதிகம் பேசாத மனிதர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசிவிட்டு மீதியை மிச்சம் பிடித்து வைப்பார்.

இதெல்லாம் சும்மா வரவில்லை. நான்கு கடன் இருந்தது. கட்டடத்துக்கு வாங்கியதில் முப்பது லட்சம் பாக்கி, எட்டரை வட்டி. மெஷின்களுக்குப் பன்னிரண்டு லட்சம், பதினொன்று வட்டி. வேனுக்கு நாலு லட்சம், பதினாலு வட்டி. போன மழைக்காலத்தில் பாய்லர் வெடித்துத் தொலைத்தபோது அவசரத்துக்கு எடுத்த தனிநபர் கடனில் இரண்டு லட்சம் பாக்கி. அதற்கு வட்டி இருபத்திரண்டு. மாதம் பிறந்தால் நாலு தேதியில் நாலு பேர் கணக்கிலிருந்து பிடுங்குவார்கள். மொத்தம் தொண்ணூற்றைந்தாயிரம் பக்கம் போகும். ஒரு தேதி தவறினாலும் அபராதம். மற்ற மூன்றையும்விட அந்த இருபத்திரண்டு என்கிற எண்தான் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

கணக்கு வழக்கெல்லாம் கொழுந்தன் கையில். புருஷனுக்கு ஒரே தம்பி. அவள் அந்த வீட்டுக்குள் வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அப்புறம் கணக்குப் படித்தான். படித்த செலவில் பாதி யாருடையது என்று அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. பதினொரு வருஷமாகச் சலவைக்கூடத்தின் வரவு செலவு, வரி, வங்கிக் கடிதம் எல்லாம் அவன்தான். வேலைக்காரப் பெண்கள் அவனை ஆடிட்டர் தம்பி என்பார்கள். அவன் ஆடிட்டர் இல்லை. ஆனால் அப்படிக் கூப்பிட்டால் மறுக்கிற அளவுக்கு அடக்கமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான்.

"அண்ணி, இதக் கொஞ்சம் பாருங்க. எட்டரை, பதினொண்ணு, பதினாலு, இருபத்திரண்டு. கூட்டுனா அம்பத்தஞ்சரை. நாலு கடன், நாலால வகுங்க."

"நீயே வகுத்துச் சொல்லேன். எனக்கு எங்க தெரியுது."

"பதிமூணு புள்ளி எட்டு ஏழு அஞ்சு. கிட்டத்தட்ட பதினாலு வட்டி கட்டிக்கிட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்ச பைனான்ஸ் கம்பெனி ஒண்ணு நாலையும் அடைச்சிட்டு ஒரே கடனா மாத்தித் தருது. பன்னிரண்டரை வட்டிதான். வருஷத்துக்கு அறுபத்தாறாயிரம் மிச்சம் அண்ணி."

"மாசத் தவணை?"

"அறுபதாயிரத்துக்குள்ள."

தொண்ணூற்றைந்து அறுபதுக்குள் வருகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இருபத்திரண்டு என்ற எண்ணே வீட்டைவிட்டுப் போய்விடும். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பல்குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஏழு எழுத்துப் பேசினாலே அதிகம் என்கிற மனிதர் அன்று இவ்வளவு பேசினார்.

அடுத்த வாரம் கம்பெனியின் விண்ணப்பத் தாள்களில் மஞ்சள் சீட்டு ஒட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். ரோலர் பக்கத்தில் நின்றபடியே, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. கொழுந்தன் கொண்டுவந்த தாளைப் படித்துப் பார்ப்பது அவனை அவமானப்படுத்துவது போலிருக்கும் என்று நினைத்தாள். சொந்தக்காரர்களிடம் நாம் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம் இது. பிறகு கடைசி வேலை ஒன்றே ஒன்று பாக்கி. கட்டடக் கடன் கொடுத்த வங்கிக்கு அவளே நேரில் போய், கடனை முடித்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் கட்டடப் பத்திரம் நேராகப் பைனான்ஸ் கம்பெனிக்குப் போய்விடும்.

புதன்கிழமை வேனை வெளியே நிறுத்திவிட்டு புருஷன் வண்டியிலேயே இருந்துகொண்டார். அவள் மட்டும் உள்ளே போனாள்.

கடன் பிரிவில் இருந்த அதிகாரியம்மாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வேலை செய்கிறவள். பேச்சில் சர்க்கரை கிடையாது. கோப்பைப் பிரித்துப் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"எட்டரை வட்டிக் கடன முடிச்சிட்டுப் பன்னிரண்டரைக்குப் போறீங்களா?"

"இது மட்டும் இல்ல மேடம். நாலு கடன் இருக்கு. எல்லாம் சேத்தா பதினாலு வருது. அதுக்குப் பன்னிரண்டரை தேவலைதானே?"

"பதினாலு எப்படி வந்துச்சு?"

கஞ்சியக்கா பெருமையாகவே சொன்னாள். நாலையும் கூட்டி நாலால் வகுத்தது. அதிகாரியம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"ரெண்டு லட்சத்துக்கும் முப்பது லட்சத்துக்கும் ஒரே இடம் கொடுத்தா எப்படிம்மா? ஒவ்வொரு கடனுக்கும் இன்னைக்குப் பாக்கிப்படி வருஷத்துக்கு எவ்வளவு வட்டின்னு தனித்தனியாப் போடுங்க. அதக் கூட்டுங்க. அந்தக் கூட்டுத்தொகைய மொத்தப் பாக்கியால வகுங்க. அதுதான் உங்க நிஜமான சராசரி."

தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினாள். கால்குலேட்டரையும் தள்ளினாள். முப்பது லட்சத்துக்கு எட்டரை என்றால் இரண்டு லட்சத்து ஐம்பத்தையாயிரம். பன்னிரண்டு லட்சத்துக்குப் பதினொன்று என்றால் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். வேனுக்கு ஐம்பத்தாறாயிரம். அந்தப் பொல்லாத இருபத்திரண்டுக்கு வெறும் நாற்பத்துநாலாயிரம். மொத்தம் நாலு லட்சத்து எண்பத்தேழாயிரம். நாற்பத்தெட்டு லட்சத்தால் வகுத்தாள். பத்து புள்ளி ஒன்று நான்கு என்று தொடங்கி எண்கள் திரை முழுக்க ஓடின.

"பத்து புள்ளி ஒண்ணு அஞ்சுன்னு வச்சுக்கோங்க" என்றாள் அதிகாரியம்மாள். "பன்னிரண்டரைக்குப் போனா நாப்பத்தெட்டு லட்சத்துக்கு வருஷம் ஆறு லட்சம் வட்டி. ஒரு லட்சத்துப் பதிமூணாயிரம் கூட. தவணை கொறையுதுன்னா வருஷத்த இழுத்திருப்பாங்க. எத்தன வருஷம்?"

"பதினஞ்சு."

"இந்தக் கட்டடக் கடனே ஒன்பது வருஷத்துல முடியுது. மத்தது நாலு, மூணு, ரெண்டு வருஷம்னு இந்தக் கோப்புல இருக்கு. அதுவும் இல்லாம, இப்ப உங்க கட்டடத்து மேல முப்பது லட்சம்தான் நிக்குது. அங்க போனா வேன் கடனும் பாய்லர் கடனும்கூடக் கட்டடத்து மேலதான் ஏறும்."

கஞ்சியக்காவுக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எழுத்துக் கணக்கு அவளுக்கு வராது, துணிக் கணக்கு வரும். முந்நூறு விரிப்பு ஆறு ரூபாய் வீதம், இரண்டு திரைச்சீலை அறுபது வீதம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறையும் அறுபதையும் கூட்டி இரண்டால் வகுத்து, துணிக்கு முப்பத்துமூன்று என்று அவள் பில் போட்டால் ஆஸ்பத்திரிக்காரன் மூட்டையோடு அவளையும் வெளியே எறிவான். இத்தனை வருஷம் பில் போட்ட கைக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டு என்ற எண்ணைப் பார்த்துப் பயந்தாளே தவிர, அது எவ்வளவு சின்ன மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

"அந்த ரெண்டு லட்சத்த மட்டும் எப்படியாவது கட்டித் தொலைங்க. மிச்சம் மூணும் சேந்து ஒன்பதே முக்காலுக்குக் கீழ வந்துடும். கடன மாத்துறது தப்புன்னு சொல்லல. பத்துக்குக் கொறைச்சுக் கொடுக்கிறவன் வந்தா, மத்த செலவயும் பாத்துட்டு மாத்துங்க."

"பாவம் மேடம், எங்க கொழுந்தன் தப்பாப் போட்டுட்டான்" என்றாள் கஞ்சியக்கா. மனசார அப்படித்தான் நினைத்தாள். "நல்லவேளை நீங்க பாத்தீங்க. அவன்கிட்ட சொன்னா ஒடஞ்சு போயிடுவான்."

அதிகாரியம்மாள் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோப்பில் எதையோ தேடினாள். சற்றுத் தயங்கியதுபோலவும் இருந்தது. பிறகு பைனான்ஸ் கம்பெனி கடனை எடுத்துக்கொள்ளக் கேட்டு அனுப்பியிருந்த கடிதத்தின் பின்னால் இருந்த ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள்.

"அந்தக் கம்பெனிக்கு நீங்க கொடுத்த விண்ணப்பம்தான் இது. உங்க கையெழுத்து இருக்கு."

நாலு வரி அட்டவணை. கடன், பாக்கி, வட்டி விகிதம், வருஷ வட்டி. எல்லாம் கொழுந்தனின் கையெழுத்து. ஏழு என்ற எண்ணின் வயிற்றில் அவன் போடுகிற சின்னக் கோடுகூட இருந்தது. கடைசி வரியில், தற்போதைய மொத்தக் கடன்களின் சராசரி வட்டி என்று அச்சடித்திருந்த இடத்துக்கு எதிரே சுத்தமாக எழுதியிருந்தான்: 10.15.

கடன் கொடுக்கிறவனிடம் தப்புக் கணக்கு கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவான். அங்கே சரியான கணக்கு. அண்ணிக்கு மட்டும் நாலால் வகுத்தது.

அட்டவணைக்குக் கீழே மூன்று கையெழுத்து. தயாரித்தவர் என்ற இடத்தில் அவன். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவள். உடன் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் புருஷன்.

அப்போது கைப்பேசி அடித்தது. கொழுந்தன்தான்.

"அண்ணி, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடப் போறேன் தம்பி. அந்தம்மா ஏதோ கேக்குறாங்க. நாம இப்ப மொத்தத்துல எவ்வளவு வட்டி கட்டுறோம்?"

"அன்னைக்கே சொன்னேனே, கிட்டத்தட்ட பதினாலு. அவங்களுக்கு ஒரு நல்ல கடன் கைய விட்டுப் போகுது, அதான் கொழப்புவாங்க. காதுல வாங்காதீங்க."

"வேற மாதிரி போட்டா கொறைச்சலா வருமாமே?"

"அதெல்லாம் பேங்க்காரங்க ஜாலம் அண்ணி. நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லுவேனா?"

"சொல்ல மாட்டே" என்று வைத்துவிட்டாள். விரல் அந்த 10.15 மேலேயே இருந்தது. திட்டத் தோன்றவில்லை. அழக்கூடத் தோன்றவில்லை. அவன் சாப்பிட்டு எழுந்துபோன தட்டுகள்தான் வரிசையாக ஞாபகம் வந்தன. கொழுந்தனுக்கு என்று அவள் தனியாக எடுத்து வைத்த பங்கு ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. ஏமாந்ததைவிட, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் இந்த அம்மாளிடம் பாவம் என்று அவனுக்காகப் பரிந்து பேசினாளே, அதுதான் அவள் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

கடன் முடிப்புக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல்படியில் நின்று ஒரு நிமிஷம் யோசித்தாள். புருஷனும் தன்னைப்போலத்தான், மஞ்சள் சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவருக்கு எண் என்றாலே கொட்டாவி வரும். பாவம், சொந்தத் தம்பி இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் மனுஷன் தாங்குவாரா? எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் வேனில் ஏறினாள்.

அவர் வேனின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வெளுத்த மூட்டைகள். வேன் முழுக்கச் சோப்பு வாசனை.

"என்னங்க, நாம இப்ப மொத்தத்துல எவ்வளவு வட்டி கட்டுறோம்?"

எப்படியாவது பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்றுதான் கேட்டாள். பதினாலு என்பார், இல்லை அவனைக் கேளு என்பார், அதிலிருந்து மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அவர் துடைத்துக்கொண்டே சொன்னார். "பத்து. பத்துக்கு மேல கொஞ்சம்."

சொன்ன பிறகுதான் துணி நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வங்கி வாசலில் காவலாளி யாரையோ வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல்லேர்ந்து."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தம்பி யாரிடமோ கைமாற்று வாங்கி மாட்டிக்கொண்டான். வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கடன் பிடித்துக் கொடுத்தால் அந்தக் கம்பெனி நூற்றுக்கு இரண்டு கமிஷன் தருகிறது. நாற்பத்தெட்டு லட்சத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். அதைக் கொண்டு அவன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்வான்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"குடுத்திருப்பியா?"

"திட்டியிருப்பேன். அப்புறம் குடுத்திருப்பேன்." அது உண்மை என்று இரண்டு பேருக்குமே தெரியும். "வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பதிமூணாயிரம் கூடப் போகும்னு தெரியுமா?"

"ஒரு லட்சம் ஆகும்னான்."

"ஒரு விரிப்புக்கு நமக்குக் கையில நிக்கிறது நாலு ரூபா. இருபத்தெட்டாயிரத்து இருநூத்தம்பது விரிப்புங்க. முதல் வருஷத்துக்கு மட்டும். அத யார் தொவைக்கிறது? அவனா? நீங்களா?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். தனக்குத்தானே சொல்வதுபோல, "நீ எப்படியும் சமாளிச்சிடுவேன்னு நெனச்சோம்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒருநாள் முடியவில்லை என்று படுத்ததில்லை, ஒரு தவணை தவறவிட்டதில்லை. அதையே இரண்டு பேரும் உட்கார்ந்து வரவில் வைத்திருக்கிறார்கள். அவள் திடமாக இருந்ததுதான் அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்திருக்கிறது. கொழுந்தன் செய்தது திருட்டு, அதற்கு ஒரு பெயராவது உண்டு. இவர் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, பக்கத்தில் படுத்து, இத்தனை நாளும் பேசாமல் இருந்திருக்கிறார். பேசாதவர், நல்லவர் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"நான் கையெழுத்துப் போடல" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருப்பாங்க."

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் துணி வாங்குகிற அறையில் இருந்த பெண் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "எத்தனண்ணே?" என்று கேட்டாள்.

"இருநூத்தி நாப்பது" என்றார் புருஷன்.

எடுப்பதும் எண்ணுவதும் எப்போதும் அவர் வேலை. அவர் சொல்கிற எண்ணிக்கையை அவள் அப்படியே பில்லில் ஏற்றுவாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சரிபார்த்தது கிடையாது. அந்தப் பெண் எழுதப்போனபோது கஞ்சியக்கா, "கொஞ்சம் இரும்மா" என்றாள். முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துத் தரையில் உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டே எண்ணினாள். அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷன் கதவோரம் நின்றார், வெளியே போகவும் இல்லை, உள்ளே வந்து உதவவும் இல்லை.

இருநூற்று நாற்பது சரியாகவே இருந்தது.

"எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "இனிமே நானே வந்து எண்ணித் தரேன்."